நாலு ஊசி, ஒரே ஒரு விளக்கம்: லைன் சார்ட்ல திடீர்னு எகிறுற இடத்தை எப்படி எழுதுறது

லைன் சார்ட்ல ஒரு கோடு அமைதியா போயிட்டு இருக்கும்போது திடீர்னு ஒரு இடத்துல மேல எகிறி அடுத்த சில மாசத்துலயே பழைய இடத்துக்கு வந்துடுச்சுன்னா, பார்க்கிறவங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும். நீங்க அந்த சார்ட்டை வேற எதையோ சொல்றதுக்காகப் போட்டிருக்கலாம், ஆனா அந்த எகிறல் ஏன்னு தெரியிற வரைக்கும் யாரும் மத்ததைப் படிக்க மாட்டாங்க. இதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நல்ல உதாரணம் அமெரிக்க ஃபெடரல் அரசு ஊழியர் எண்ணிக்கை. அந்த நாட்டு தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் மாசாமாசம் வெளியிடுற டேட்டா, யார் வேணும்னாலும் இலவசமா எடுக்கலாம், பொருளாதார டேட்டாவைத் திரட்டி வச்சிருக்கிற ஃப்ரெட் தளத்துல சீரிஸ் பேரு `CES9091000001`. இதை வச்சே முழுசா ஒரு சார்ட்டை ஆரம்பத்துல இருந்து பார்ப்போம்.

1985 முதல் 2024 வரைக்கும் எடுத்துக்கோங்க. கோடு பெரும்பாலும் 27 லட்சத்துக்கும் 31 லட்சத்துக்கும் நடுவுலதான் சுத்துது, 1990கள் முழுக்க மெதுவா இறங்குது, அப்புறம் பல வருஷம் பெருசா அசையல. நான் சொல்ல வந்த விஷயம் இந்த இறக்கம்தான். ஆனா கோட்டுல நாலு இடத்துல செங்குத்தா ஊசி மாதிரி ஒண்ணு நிக்குது: 1990, 2000, 2010, 2020. பத்து வருஷத்துக்கு ஒரு தடவைன்னு பார்த்ததுமே சிலருக்குப் பிடிபட்டுடும், அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதாவது சென்சஸ். தபால்ல வந்த படிவத்தை நிரப்பி அனுப்பாத வீடுகளுக்கு நேர்லயே போய் கேக்குறதுக்கு லட்சக்கணக்குல தற்காலிக ஆட்களை எடுக்கிறாங்க, அவங்களும் ஃபெடரல் ஊழியர்னுதான் கணக்குல வருவாங்க, வேலை முடிஞ்சதும் கணக்குல இருந்து போயிடுவாங்க.

காரணம் தெரிஞ்சாச்சு, இனி எழுதிட வேண்டியதுதானேன்னு தோணும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. தேதி ஒத்துப்போகுதுங்கிறதுக்காக மட்டும் ஒரு காரணத்தை சார்ட் மேல எழுதக்கூடாது, அந்தக் காரணத்தைக் கழிச்சா ஊசி மறையுதான்னு பார்க்கணும். இந்த விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம், அந்த அலுவலகமே சென்சஸ் தற்காலிக ஆட்களோட எண்ணிக்கையைத் தனியா வெளியிடுது. 2010 மே மாசம் கிட்டத்தட்ட 5.6 லட்சம் பேர், ஜூன்ல 3.4 லட்சம், ஜூலைல 2 லட்சம். இதை மொத்தத்துல இருந்து கழிச்சா 2010-ல கோடு சும்மா தட்டையா போகுது. ஊசி மொத்தமும் சென்சஸ்தான்னு இப்பதான் தைரியமா சொல்லலாம். கழிச்ச பிறகும் பாதி ஊசி மிச்சம் இருந்திருந்தா வேற ஏதோ காரணமும் கூட இருக்குன்னு அர்த்தம், அப்போ "சென்சஸ்"னு மட்டும் எழுதுறது தப்பாயிடும்.

இன்னொரு சந்தேகம் விவரம் தெரிஞ்சவங்களுக்கு வரும். இது பருவகால ஏற்ற இறக்கத்தை சரிபண்ணி வர்ற டேட்டாவாச்சே, அப்புறம் ஏன் ஊசி அப்படியே இருக்குன்னு. சென்சஸ் வருஷாவருஷம் வர்ற விஷயம் கிடையாது, அதனால சரிபண்றதுக்கு முன்னாடி அந்த ஆட்களைத் தனியா எடுத்து வச்சிட்டு, மீதியை சரிபண்ணிட்டு, அப்புறம் திரும்பச் சேர்த்துடுறாங்க. சரிபண்ணாத டேட்டாவை எடுத்தீங்கன்னா இன்னும் சிக்கல், ஃபெடரல் ஊழியர்ல தபால் துறையும் சேர்த்தி, டிசம்பர்ல தபால் வேலைக்குக் கூடுதல் ஆள் எடுக்கிறதால வருஷாவருஷம் குட்டி குட்டி மேடு தெரியும், நாலு பெரிய ஊசியோட நாற்பது சின்ன மேடும் சேர்ந்துக்கும். அதனால சார்ட்டை சுத்தமா வச்சிக்கிற வேலை எழுத்துல ஆரம்பிக்கிறது இல்ல, எந்த சீரிஸை எடுக்கிறோம்ங்கிறதுலயே ஆரம்பிக்குது.

இப்போ வழக்கமா எல்லாரும் பண்றதை இந்த சார்ட் மேல பண்ணிப் பார்ப்போம், எங்க உடையுதுன்னு தெரியும்.

முதல்ல எல்லாருக்கும் கை போறது நாலு செங்குத்துக் கோட்டுக்குத்தான். ஒவ்வொரு சென்சஸ் மாசத்துலயும் மேல இருந்து கீழ வரைக்கும் புள்ளிக்கோடு போட்டு மேல பேரு எழுதுறது. இதுல அளவைக் கொஞ்சம் யோசிங்க. சார்ட்டோட உள்பகுதி 640 பிக்சல் அகலம்னா, 40 வருஷம் அதாவது 480 மாசம் அதுக்குள்ள வரணும், ஒரு மாசத்துக்கு ஒண்ணே கால் பிக்சல் சொச்சம்தான். ஊசியோட மொத்த அகலமே நாலஞ்சு மாசம்னா அஞ்சுல இருந்து ஏழு பிக்சல். அதுமேல இன்னொரு செங்குத்துக் கோடு போட்டா எது டேட்டா எது குறிப்புன்னே பிரிச்சுப் பார்க்க முடியாது, விளக்கணும்னு வச்ச கோடே விளக்க வேண்டிய விஷயத்தை மூடிடுது. செங்குத்துக் கோடு எங்க நல்லா இருக்கும்னா, ஒரு தேதிக்கு அப்புறம் கோட்டோட போக்கே மாறிப்போச்சுங்கிற இடத்துல. எகிறிட்டு உடனே திரும்புற இடத்துல அந்த ஊசியே செங்குத்தாத்தான் நிக்குது, அதுக்கு இன்னொரு கம்பு தேவையே இல்ல.

ரெண்டாவது, சாம்பல் நிறப் பட்டை. ஃப்ரெட் தளத்துல இதைத் திறந்தாலே பொருளாதார மந்தநிலை காலங்களை பின்னாடி சாம்பல் பட்டையா காட்டும், பலரும் அதை அப்படியே எடுத்துப் போட்டுடுவாங்க. இந்த சார்ட்டைப் பொறுத்தவரைக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாதுன்னு நான் சொல்வேன். ஏன்னா மந்தநிலைகள் வந்த காலத்தைப் பாருங்க: 1990 ஜூலைல இருந்து 1991 மார்ச், 2001 மார்ச்ல இருந்து நவம்பர், 2007 டிசம்பர்ல இருந்து 2009 ஜூன், 2020 பிப்ரவரில இருந்து ஏப்ரல். நாலுமே ஏதோ ஒரு ஊசிக்கு ரொம்பப் பக்கத்துல வந்து நிக்குது! விவரம் தெரியாதவங்க பார்த்தா "ஓ, மந்தநிலை வந்தா அரசாங்கம் ஆள் எடுக்குது போல"ன்னு ஒரு கதையை தானா கட்டிக்குவாங்க. அது முழுக்க தற்செயல். அடைசல்னா பார்க்க நல்லா இல்லைங்கிறது மட்டும்னு நினைக்கிறோம், ஆனா இந்த மாதிரி இடத்துல அது இல்லாத காரணத்தை இருக்கிற மாதிரி காட்டுது, பக்கத்துல பக்கத்துல வச்ச ரெண்டு விஷயத்தை மனசு தானா முடிச்சுப் போட்டுக்கும். அதனால சார்ட் மேல இருக்கிற ஒவ்வொண்ணையும் பார்த்து, இதை ஊசிக்குக் காரணம்னு யாராவது எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க, ஆமான்னா அது போகணும், எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

மூணாவது, நாலு ஊசிக்கும் நாலு பெட்டி, நாலு அம்புக்குறி, ஒவ்வொண்ணுலயும் "சென்சஸ் தற்காலிக ஊழியர்கள்"னு அதே வாசகம். படிக்கிறவங்க நாலையும் படிக்கணும், நாலும் ஒண்ணுதான்னு கடைசில கண்டுபிடிக்கணும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தா விளக்கம் ஒரு தடவை போதும், மத்த இடத்துல வருஷம் மட்டும் போதும். 1990, 2000, 2020-னு ஊசி நுனில வெறும் எண்ணு, 2010-ல மட்டும் முழு வாக்கியம். பார்க்கிறவங்க ஒண்ணைப் படிச்சிட்டு மத்த மூணும் அதேதான்னு தானா எடுத்துக்குவாங்க, வருஷத்துல இருக்கிற பத்து பத்து இடைவெளியே அந்த வேலையைச் செஞ்சிடும்.

ஏன் 2010? அது உயரமா தெளிவா நிக்குது, ரெண்டு பக்கமும் காலி இடம் இருக்கு, அடுத்த ஊசி வரைக்கும் சுமார் 120 மாசம், அதாவது சுமார் 160 பிக்சல். 13 பிக்சல் எழுத்துல தமிழ் ஒரு வரிக்குக் கொஞ்சம் எழுத்துதான் வரும், தமிழ் எழுத்து அகலமானது, இங்கிலீஷ்க்கு வச்ச கணக்கை அப்படியே எடுத்தா இடிக்கும். நாலு வரிக்கு மேல போனா கீழ ஓடுற கோட்டை நெருங்கிடும். அதனால வாக்கியம் நாலு சின்ன வரிக்குள்ள அடங்கணும், இந்தக் கட்டுப்பாடு நல்லதுதான்.

வாக்கியத்துல என்ன இருக்கணும்ங்கிறதுலதான் எனக்கு அக்கறை அதிகம். "2010 சென்சஸ்"னு மட்டும் எழுதினா அது ஒரு பேரு, விளக்கம் ஆகாது. சென்சஸ் நடந்துச்சு சரி, அதுக்கும் ஊழியர் எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம்? யார் வந்தாங்க, ஏன் போனாங்க? எகிறினதுக்கும் இறங்கினதுக்கும் ரெண்டுக்கும் பதில் வரணும், "தற்காலிக"ங்கிற ஒரே வார்த்தை இறங்கின பக்கத்தைப் பார்த்துக்குது. அதோட எவ்வளவுன்னு ஒரு எண்.

அந்த எண்ணுதான் நிறைய பேர் சறுக்குற இடம். 2010 மே மாசத்து வேலைவாய்ப்பு அறிக்கைல ரொம்பப் பிரபலமான எண் 4.11 லட்சம். அந்த மாசம் நாட்டுல மொத்தமா 4.31 லட்சம் வேலை கூடுச்சு, அதுல 4.11 லட்சம் சென்சஸ் ஆட்கள், தனியார் துறைல வெறும் 41 ஆயிரம்தான்னு அப்போ செய்தியெல்லாம் வந்துச்சு. தேடினா முதல்ல இந்த எண்தான் கிடைக்கும். ஆனா அது மே மாசம் மட்டும் கூடினது. ஏப்ரல்லயே கொஞ்சம் பேரு வேலைல இருந்தாங்க, அதனால ஊசி நுனில நிக்கிறது 5.6 லட்சம் பேர். 4.11-னு எழுதிட்டீங்கன்னா, அச்சை வச்சு அளந்து பார்க்கிற வாசகருக்கு ஊசி அஞ்சரை லட்சம் உயரம் தெரியும், எழுத்துல நாலு லட்சம்னு இருக்கும். ரெண்டு எண்ணும் உண்மை, ஆனா சார்ட் காட்டுறது இருப்பு, எழுத்து சொல்றது அந்த மாசக் கூடுதல். கோடு எதைக் காட்டுதோ அதே அளவுலதான் குறிப்புல எண் வரணும்.

ஆக நான் எழுதுற வாசகம்: "2010 மே: சென்சஸுக்கு 5.6 லட்சம் தற்காலிக ஊழியர்கள்". அவ்வளவுதான்.

2020-க்கு ஒரு சின்னச் சேர்க்கை தேவைப்படுது. மத்த மூணு ஊசியும் மே மாசத்துல வருது, இது ஆகஸ்ட்டுல வருது, உயரமும் 2010 ஊசில பாதிதான். கொரோனாவால மார்ச்ல களப்பணியை நிறுத்தி வச்சு, வீடு வீடா போற வேலை கோடைக்குத் தள்ளிப்போச்சு, ஆகஸ்ட் மாசம் மட்டும் 2.38 லட்சம் சென்சஸ் ஆட்கள் கூடினாங்க. போன தடவை பேப்பர்ல எழுதினதை இந்தத் தடவை ஸ்மார்ட்ஃபோன்ல பண்ணாங்க. இதையெல்லாம் சார்ட் மேல எழுதணுமா? 40 வருஷ சார்ட்டுல மூணு மாசம் தள்ளினது நாலு பிக்சல், யார் கண்ணுக்கும் தெரியாது, தெரியாததுக்கு விளக்கம் போடுறதும் அடைசல்தான். உயரம் குறைஞ்சது மட்டும் நல்லா தெரியுது, ஆனா அது இந்த சார்ட்டோட கேள்வி இல்ல. அதனால "2020" மட்டும், மீதி கட்டுரைல ஒரு வரி. இதே டேட்டாவை 2018 முதல் 2022 வரைன்னு அஞ்சு வருஷத்துக்குப் போட்டா கதையே வேற, அப்போ ஆகஸ்ட்ங்கிறது பளிச்னு தெரியும், பக்கத்துலயே மற்ற துறைகள்ல கொரோனா பண்ணின பள்ளம்லாம் வாசகர் மனசுல இருக்கும், அங்க "சென்சஸ், கொரோனாவால் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது"ன்னு கட்டாயம் எழுதணும்.

ஊசியை வெட்டிட்டா என்னன்னு கூட ஒரு யோசனை வரும், சென்சஸ் ஆட்களைக் கழிச்ச கோட்டை மட்டும் போட்டா குறிப்பே வேண்டாமே. போடலாம், தப்பில்ல, ஆனா "சென்சஸ் தற்காலிக ஊழியர்கள் நீங்கலாக"ன்னு தலைப்புக்குக் கீழ எழுதியே ஆகணும். எனக்கு ஊசியோட காட்டுறதுதான் பிடிக்கும், ஏன்னா இதே டேட்டாவை வேற எங்கயாவது பார்த்தவங்க இங்க ஊசியைக் காணோமேன்னு சந்தேகப்படுவாங்க, சந்தேகம் வந்துட்டா மீதிக் கோட்டையும் நம்ப மாட்டாங்க.

Y அச்சு பத்தி ஒண்ணு. லைன் சார்ட் பூஜ்ஜியத்துல ஆரம்பிக்கணும்னு கட்டாயம் இல்ல, இங்க 24 லட்சத்துல ஆரம்பிச்சாதான் 1990களோட இறக்கம் தெரியும். ஆனா அப்படிப் பண்ணும்போது ஊசி உண்மைல அஞ்சுல ஒரு பங்கு ஏற்றம்னாலும் ரெண்டு மடங்கு ஆன மாதிரி கண்ணுக்குத் தெரியும். குறிப்புல எண் இருக்கணும்னு நான் பிடிவாதம் பிடிக்கிறது இதுக்காகத்தான், வெட்டின அச்சு பெருசாக்கின ஊசியை அந்த எண் திரும்ப அளவுக்குக் கொண்டுவருது.

இப்போ பைத்தான்ல சார்ட் வரையிற மேட்பிளாட்லிப்ல எழுதினா இவ்வளவுதான்:

```python
import pandas as pd
import matplotlib.pyplot as plt

plt.rcParams["svg.fonttype"] = "none"
plt.rcParams["font.family"] = "Noto Sans Tamil"

s = pd.read_csv("CES9091000001.csv",
                index_col=0, parse_dates=True).iloc[:, 0]
s = s.loc["1985":"2024"] / 100

fig, ax = plt.subplots(figsize=(8, 4.5))
ax.plot(s.index, s, color="0.4", lw=1.5)
ax.set_ylim(24, 36)
ax.spines[["top", "right"]].set_visible(False)

for y in ["1990", "2000", "2020"]:
    t = s.loc[y].idxmax()
    ax.annotate(y, (t, s[t]), xytext=(0, 4),
                textcoords="offset points",
                ha="center", color="0.4")

t = s.loc["2010"].idxmax()
ax.annotate("2010 மே:\nசென்சஸுக்கு\n5.6 லட்சம்\nதற்காலிக ஊழியர்கள்",
            (t, s[t]), xytext=(8, 0),
            textcoords="offset points",
            ha="left", va="top", color="black")

fig.savefig("federal.svg")
```

ஃபைல்ல எண்கள் ஆயிரத்துல இருக்கு, 100-ஆல வகுத்தா லட்சம். அம்புக்குறியே இல்லைங்கிறதை கவனிங்க. எழுத்து ஊசி நுனிக்கு எட்டு பாயிண்ட் தள்ளி வலது பக்கம் ஆரம்பிச்சு கீழ இறங்குது, ஊசியே எழுத்துக்கு இடது ஓரக்கோடு மாதிரி ஆயிடுது, எது எதுக்குச் சொந்தம்னு சந்தேகமே வராது. எழுத்து தள்ளி இருந்தாத்தான் அம்பு தேவை, அம்பு தேவைப்படுதுன்னா முதல்ல எழுத்தை இன்னும் பக்கத்துல வைக்க முடியுமான்னு பாருங்க. நிறத்துலயும் அதே சிந்தனைதான், கோடும் வருஷ எண்களும் சாம்பல், முழு வாக்கியம் மட்டும் கறுப்பு, கண்ணு எங்க படிக்க ஆரம்பிக்கணும்னு அது சொல்லிடுது.

முதல் `rcParams` வரி தமிழ்ல எழுதுறவங்களுக்கு ரொம்ப முக்கியம். மேட்பிளாட்லிப்போட டிஃபால்ட் ஃபான்ட்ல தமிழே கிடையாது, கட்டம் கட்டமா வரும். தமிழ் ஃபான்ட் கொடுத்தாலும் கொம்பு போடுற எழுத்தெல்லாம் உடையும், "செ"-ல கொம்பு எழுத்துக்கு அப்புறம் வந்து உக்காந்துக்கும், ஏன்னா எழுத்தை இடம் மாத்திக் கோக்குற வேலையை பல பதிப்புகள் செய்யிறதே இல்ல. படமா சேமிச்சா அந்த உடைஞ்ச எழுத்து அப்படியே பதிஞ்சிடும். `svg.fonttype`-ஐ `none`-னு வச்சு எஸ்விஜியா சேமிச்சா எழுத்து எழுத்தாவே ஃபைல்ல போகும், பிரவுசர் அதை சரியா கோத்துக் காட்டும். பார்க்கிறவங்க மெஷின்ல ஏதாவது ஒரு தமிழ் ஃபான்ட் இருந்தா போதும். ஒரு குறை, மேட்பிளாட்லிப் எழுத்தோட அகலத்தைத் தன் கணக்குப்படிதான் அளக்கும், பிரவுசர்ல அது கொஞ்சம் மாறும். அதனால நீளமான வாக்கியத்தை இடது ஓரம் பிடிச்சு எழுதுறதே பாதுகாப்பு, மாறினாலும் வலது பக்கக் காலி இடத்துக்குள்ளதான் மாறும், ஊசி மேல ஏறாது.

போட்டு முடிச்சதும் சோதிக்கிறதுக்கு டேட்டா பத்தி எதுவும் தெரியாத ஒருத்தர்கிட்ட கொஞ்ச நேரம் காட்டிட்டு மூடிடுங்க, ரெண்டே கேள்வி: "அந்த ஊசியெல்லாம் என்ன?", "அதை விட்டுட்டு கோடு என்ன சொல்லுது?". முதல் கேள்விக்கு "2010-ல சென்சஸ், மத்தது தெரியல"ன்னு சொன்னா வருஷ எண்ணு கண்ணுல படலைன்னு அர்த்தம், அதைக் கொஞ்சம் பெருசாக்கணும். ரெண்டாவதுக்கு முழிச்சா குறிப்பு தேவைக்கு மேல சத்தம் போடுது, கறுப்பைக் குறைச்சு எழுத்தைச் சின்னதாக்கணும். ரெண்டாவது கேள்வியை யாரும் கேக்குறதே இல்ல, ஆனா அதுதான் சார்ட் போட்ட காரணம்.

போன் திரைக்கு இதே வடிவம் செல்லாது. 360 பிக்சல் அகலத்துல பத்து வருஷ இடைவெளி 80 பிக்சலுக்கும் கீழ சுருங்கிடும், "தற்காலிக"ங்கிற ஒரு வார்த்தையே ஒரு வரியை சாப்பிட்டுடும், எழுத்தைப் பத்து பிக்சலுக்குச் சுருக்கினா யாராலயும் படிக்க முடியாது. அங்க வாக்கியத்தை சார்ட்டுக்குள்ள இருந்து வெளிய எடுத்து தலைப்புக்கு நேர் கீழ வச்சிடுங்க: "பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எகிறுறது சென்சஸுக்கு எடுக்கிற தற்காலிக ஊழியர்கள், 2010 மே மாசத்துல 5.6 லட்சம் பேர்". சார்ட்டுக்குள்ள நாலு ஊசிக்கும் '90, '00, '10, '20-னு ரெண்டு ரெண்டு இலக்கம் மட்டும், X அச்சுல அதே வருஷங்களைத் திரும்ப எழுதாம 1985-ம் 2024-ம் ரெண்டு முனையில மட்டும் வச்சா போதும்.